மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: காலாண்டு வட்டியில் கையில் வருவது எவ்வளவு, டி.டி.எஸ். போவது எவ்வளவு?

கீழே உள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டின் விகிதங்களையும் வரம்புகளையும் வைத்துப் போட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் சட்டப் பிரிவு எண்கள் மாறும். அதனால் பிரிவு எண்களைச் சொல்லாமல், கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"ரிட்டயர்மென்ட் பணத்தில் 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன வரும்?"

41,000 ரூபாய். வட்டி விகிதம் ஆண்டுக்கு 8.2 சதவீதம் என்பதால் 20 லட்சத்துக்கு வருட வட்டி 1,64,000. அதை நான்காகப் பிரித்துத் தருகிறார்கள். ஒரு லட்சத்துக்குக் காலாண்டுக்கு 2,050 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தொகைக்கும் வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம். ஒருவர் போடக்கூடிய அதிகபட்சம் 30 லட்சம், அதற்கு 61,500 வரும்.

முழுக் காலாண்டு என்றால் அதில் 90 நாளா 92 நாளா என்று பார்ப்பதில்லை, தொகை மாறாது. 8.2 சதவீதம் 2023 ஏப்ரலில் வந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை அறிவித்தாலும், நீங்கள் பணம் போட்ட அன்று இருந்த விகிதம்தான் உங்கள் கணக்குக்கு ஐந்து வருடத்துக்கும் நிற்கும். பின்னால் ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குப் பாதிப்பில்லை.

"வங்கியில் ஆகஸ்ட் 11-ஆம் தேதி 20 லட்சம் போட்டேன். முதல் வட்டி 41,000 வரும் என்று பார்த்தால் 22,915தான் வந்திருக்கிறது. குறைத்துவிட்டார்களா?"

குறைக்கவில்லை, சரியாகத்தான் வந்திருக்கிறது. இந்தத் திட்டத்தில் மூன்று மாதம் என்பது நீங்கள் பணம் போட்ட தேதியிலிருந்து எண்ணுவது அல்ல. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று நான்கு தேதிகளில் கணக்கை முடித்து, அதற்கடுத்த மாதத்தின் முதல் வேலை நாளில் வட்டி தருகிறார்கள். எனவே முதல் தடவை மட்டும் பணம் போட்ட நாளிலிருந்து அந்தக் காலாண்டு முடியும் வரையிலான நாள்களுக்குத்தான் வட்டி.

ஆகஸ்ட் 11 முதல் 31 வரை 21 நாள், செப்டம்பரில் 30 நாள், ஆக 51 நாள். வருட வட்டி 1,64,000-ஐ 365-ஆல் வகுத்து 51-ஆல் பெருக்கினால் 22,915 ரூபாய். எக்செலில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு:

```
=DATE(2025,9,30)-DATE(2025,8,11)+1
=ROUND(2000000*8.2%*51/365,0)
```

முதல் வரி நாள் எண்ணிக்கையைத் தரும், இரண்டாவது வரி வட்டியை. பணம் போட்ட நாளையும் சேர்க்கத்தான் கடைசியில் அந்த +1. உங்கள் கிளையின் தொகை இதிலிருந்து சில ரூபாய் விலகினால் அது முழு ரூபாயாக்கும் முறையால் வருவது. நூற்றுக்கணக்கில் விலகினால், பாஸ்புக்கில் கணக்குத் தொடங்கிய தேதி என்னவென்று பாருங்கள். காசோலை கொடுத்த தேதியும், அது பாஸாகிப் பணம் கணக்கில் ஏறிய தேதியும் வேறு வேறாக இருக்கும். அந்த இடைப்பட்ட நாள்களுக்கு வட்டி கிடையாது.

இன்னொன்று, 2025 அக்டோபர் 1 ஆயுத பூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும். தமிழ்நாட்டு வங்கிகளுக்கு முதல் வேலை நாளே 3-ஆம் தேதிதான். ஒன்றாம் தேதி பணம் வரவில்லையே என்று பதறியவர்கள் நிறையப் பேர். ஜனவரியில் புத்தாண்டு விடுமுறை, ஏப்ரல் 1-ல் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு என்று அந்த மாதங்களிலும் ஓரிரு நாள் தள்ளலாம். மருந்துக் கடைக்கும் வாடகைக்கும் இந்த வட்டியை நம்பியிருப்பவர்கள் நான்காம் ஐந்தாம் தேதியையே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

"அப்பாவுக்கு 64 வயது. ஒரு லட்சம் தாண்டினால்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். அது காலாண்டு வட்டிக்கா, வருட வட்டிக்கா? தாண்டிய தொகைக்கு மட்டும்தானே பிடிப்பார்கள்?"

வருட வட்டிக்கு. தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் 10 சதவீதம். 60 வயதானவர்களுக்கு இந்த வரம்பு 2025 மார்ச் வரை 50,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு லட்சம் ஆகியிருக்கிறது.

8.2 சதவீதத்தில் வருடம் முழுக்க ஓடும் கணக்குக்கு இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 12,19,000 ரூபாய் போட்டிருந்தால் வருட வட்டி 99,958, ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். 12,20,000 போட்டிருந்தால் 1,00,040 ஆகிவிடும், அப்போது 40 ரூபாய்க்கு அல்ல, முழு 1,00,040-க்கும் 10 சதவீதம் போகும். ஆயிரம் ரூபாயில் பத்தாயிரம் ரூபாய் பிடித்தம் வருகிறது. திரும்பப் பெறக்கூடிய பணம்தான் என்றாலும், அதற்கு ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்க வேண்டும். வரி கட்டவே தேவையில்லாத வருமானம் உள்ளவர் 12 லட்சத்துச் சொச்சத்தில் போட நினைத்தால் இந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம்.

சட்டத்தில் 'கொடுத்த அல்லது அந்த வருடத்தில் கொடுக்க வாய்ப்புள்ள வட்டி' என்றுதான் இருக்கிறது. அதாவது வட்டி கூட்டிக் கூட்டி லட்சத்தைத் தொடும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 20 லட்சத்துக்கு வருடத்தில் 1,64,000 போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவதால், முதல் காலாண்டிலேயே 4,100 பிடித்துக்கொண்டு 36,900 போடுவார்கள். 30 லட்சம் என்றால் 6,150 போக 55,350.

"ஜனவரி-மார்ச் வட்டி ஏப்ரலில்தானே கைக்கு வருகிறது. அது எந்த வருடக் கணக்கில் சேரும்?"

மதிப்பீடு தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே பார்ப்போம்.

ஆகஸ்ட் 11-ல் 20 லட்சம் போட்டவரையே எடுத்துக்கொள்வோம். 2025-26-ல் அவருக்கு அக்டோபரில் 22,915, ஜனவரியில் 41,000 வருகிறது. மார்ச் காலாண்டின் 41,000 ஏப்ரல் மாதம் கணக்கில் ஏறுகிறது. ஏறிய தேதியை வைத்துப் பார்த்தால் அந்த நிதியாண்டுக்கு மொத்தம் 63,915 மட்டுமே. லட்சத்துக்குக் கீழே என்பதால் டி.டி.எஸ். கிடையாது.

ஆனால் அந்தக் கிளையின் கணினியில் மார்ச் காலாண்டு வட்டி மார்ச் 31 தேதியிட்டே பதிவானால் மொத்தம் 1,04,915 ஆகிறது. கோட்டைத் தாண்டிவிட்டது, 10 சதவீதமாக 10,492 ரூபாய் பிடிக்க வேண்டியதாகிறது. அதே ஆள், அதே பணம், ஒரு நாள் வித்தியாசம்தான்.

உங்கள் கிளை எப்படிச் செய்கிறது என்பதை பாஸ்புக்கே காட்டிக்கொடுக்கும். அக்டோபரில் முழு 22,915 வந்திருந்தால் அவர்கள் கணிப்பில் இந்த வருட வட்டி லட்சத்துக்குள் இருக்கிறது என்று பொருள். 20,623 மட்டும் வந்திருந்தால் மார்ச் காலாண்டையும் இந்த வருடத்திலேயே சேர்த்துக் கணித்து, முதல் தவணையிலேயே 2,292 பிடித்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. முதல் இரண்டு தவணையும் முழுசாக வந்து, மூன்றாவது தவணையில் 41,000-க்குப் பதில் 30,508 வந்து நிற்கும். விட்டுப்போன முந்தைய பிடித்தத்தையும் சேர்த்து ஒரேயடியாக எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது பகீரென்றாலும் கணக்கில் பிழையில்லை.

வருமான வரி ரிட்டர்னில் எந்த வருடத்தில் காட்டுவது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. தனிநபர் தன் வட்டி வருமானத்தைக் கைக்கு வந்த வருடத்தில் காட்டலாம், சேர்ந்த வருடத்திலும் காட்டலாம். ஆனால் எதைப் பிடித்தாரோ அதையே வருடா வருடம் தொடர வேண்டும். என் கருத்து, உங்கள் பெயரில் பிடித்த வரியை வருமான வரித் துறை காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் எந்தத் தேதியிட்டு வட்டி பதிவாகியிருக்கிறதோ அந்த வருடத்திலேயே காட்டிவிடுங்கள். துறையிடம் உள்ள தொகையும் நீங்கள் காட்டும் தொகையும் ஒன்றாக இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர வழியில்லை.

வட்டி ஏப்ரலில் பதிவாகும் கிளை என்றால், இரண்டாவது வருடத்திலிருந்து இந்தக் குழப்பம் இல்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என நான்கு தவணை, மொத்தம் 1,64,000, பிடித்தம் 16,400, கையில் 1,47,600.

"எனக்கு 66 வயது. பென்ஷன் 45,000. ஒவ்வொரு தடவையும் 4,100 பிடிக்கிறார்கள். 15எச் கொடுத்தால் நின்றுவிடுமா?"

நின்றுவிடும். 15எச் என்பது வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழிப் படிவம், நீங்கள் கொடுக்கவும் தகுதியானவர்தான். வருடப் பென்ஷன் 5,40,000, வட்டி 1,64,000, மொத்தம் 7,04,000. புதிய வரி முறையில் பென்ஷனுக்கு நிலையான கழிவு 75,000 போக 6,29,000. முதல் நான்கு லட்சத்துக்கு வரியில்லை, மீதி 2,29,000-க்கு 5 சதவீதமாக 11,450 வருகிறது. ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது அப்படியே பூஜ்யமாகிவிடும்.

'என் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டுகிறதே, 15எச் கொடுக்கலாமா?' என்று தயங்குகிறவர்கள் உண்டு. தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமாக இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2019-லேயே படிவத்தின் குறிப்பில் சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் மறுத்தால் படிவத்தில் உள்ள அந்தக் குறிப்பையே காட்டலாம்.

கொடுக்கும் நேரம்தான் முக்கியம். ஒரு படிவம் ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். போன வருடம் கொடுத்தது இந்த வருடம் பேசாது. ஏப்ரலில் முதல் தவணை ஏறுவதற்கு முன்னே கொடுத்தால்தான் அந்தத் தவணை தப்பும். மார்ச் காலாண்டு வட்டி ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஏறிவிடுவதால், 'மே மாதம் போய்க் கொடுத்துக்கொள்ளலாம்' என்றால் 4,100 ஏற்கெனவே போயிருக்கும். பிடித்து அரசுக்குக் கட்டியதைக் கிளையில் திருப்பித் தர மாட்டார்கள், ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். புதிய சட்டத்தில் படிவத்தின் எண் மாறினாலும், வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழி என்று கேட்டு வாங்குங்கள். கொடுத்ததற்குத் தேதியுடன் கிளை முத்திரை வைத்த நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

"பென்ஷன் மாதம் ஒரு லட்சம். வட்டியில் 10 சதவீதம் அவர்களே பிடித்துவிட்டார்கள். வரி முடிந்ததுதானே?"

முடியவில்லை. டி.டி.எஸ். என்பது வரியின் ஒரு முன்பணம் மட்டுமே. உங்கள் விஷயத்தில் மீதி பெரிய தொகை, அதனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

பென்ஷன் மட்டும் என்றால் 12,00,000. கழிவு 75,000 போக 11,25,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம். பென்ஷன் தரும் வங்கியும் அதைப் பார்த்துத்தான் ஒன்றும் பிடிக்காமல் விடுகிறது. இப்போது 20 லட்சத்தின் வருட வட்டி 1,64,000-ஐச் சேருங்கள். வரிக்குரிய வருமானம் 12,89,000. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. நான்கு முதல் எட்டு லட்சம் வரை 20,000, எட்டு முதல் பன்னிரண்டு வரை 40,000, அதற்கு மேல் உள்ள 89,000-க்கு 15 சதவீதமாக 13,350. மொத்தம் 73,350, அதன் மேல் 4 சதவீத செஸ் 2,934. ஆக 76,284 ரூபாய்.

பிடித்திருப்பது 16,400. பாக்கி 59,884. பென்ஷனுக்கும் வரியில்லை, வட்டிக்கும் பிடித்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருப்பவர் ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இந்தத் தொகை எதிரே வந்து நிற்கும். வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கட்டும் கட்டாயம் இல்லை, எனவே ரிட்டர்ன் கெடுவான ஜூலை 31-க்குள் கட்டினால் அபராத வட்டி வராது. மொத்தமாகக் கட்டுவது சிரமம் என்றால், வருட ஆரம்பத்திலேயே பென்ஷன் தரும் வங்கிக்கு இந்த வட்டி வருமானத்தை எழுதிக் கொடுத்துவிடலாம். அவர்கள் மாதா மாதம் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னும் பணம் போடாதவர் என்றால் ஒரு வழி இருக்கிறது. இந்தப் பென்ஷனுக்கு 75,000 ரூபாய் வட்டி வரை வரியில்லாமல் தாங்கும். 9,14,000 போட்டால் வட்டி 74,948, அதற்குள் அடங்கிவிடும். சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டியும் வைப்புத்தொகை வட்டியும் இதில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

மேலே சொன்ன ஆகஸ்ட் 11 தேதிக் கணக்கு இவருடையதாக இருந்தால், ஏப்ரலில் ஏறும் தவணையைக் கைக்கு வந்த வருடத்தில் காட்டும்போது முதல் வருட வட்டி 63,915 மட்டுமே, வரி பூஜ்யம். மார்ச் காலாண்டையும் சேர்த்தால் 12 லட்சத்தைத் தாண்டிவிடுவார். எந்தத் தேதியில் பதிவாகிறது என்று இவர் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வி.ஆர்.எஸ். வாங்கினேன், வயது 57. எனக்கும் ஒரு லட்சம் வரம்பா?"

இல்லை. ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் 55 வயதிலேயே இந்தக் கணக்கைத் தொடங்கலாம் என்றாலும், வருமான வரிக்கு நீங்கள் இன்னும் மூத்த குடிமகன் ஆகவில்லை. உங்களுக்கு வரம்பு 50,000, அதாவது 6,09,000-க்கு மேல் போட்டாலே பிடித்தம் வரும். படிவமும் 15எச் அல்ல, 15ஜி. அதில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. வரி பூஜ்யமாக இருப்பதோடு, வருடத்தின் மொத்த வட்டி அடிப்படை விலக்கு வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். எந்த நிதியாண்டின் நடுவில் 60 ஆகிறதோ, அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்தவராக நடத்தப்படுவீர்கள்.

"நானும் மனைவியும் ஜாயின்ட்டாக வைத்திருக்கிறோம். பாதிப் பாதியாகக் காட்டலாமா?"

கூடாது. ஜாயின்ட் கணக்கில் பணம் முழுவதும் முதல் பெயருக்கு உரியதாகவே விதி கொள்கிறது, வட்டியும் பிடித்தமும் அவருடைய பான் எண்ணில்தான் ஏறும். மனைவி தன் சொந்தப் பணத்தில் தன் பெயரில் தனிக் கணக்கு வைத்தால் அது அவர் வருமானம். உங்கள் பணத்தை அவருக்குக் கொடுத்து அவர் பெயரில் போட்டால் பிடித்தம் அவர் பானில் நடக்கும், வருமானத்தையோ உங்கள் ரிட்டர்னில் சேர்த்துக் காட்ட வேண்டும்.

"வட்டியை எடுக்காமல் அப்படியே விட்டால் வட்டிக்கு வட்டி உண்டா?"

கிடையாது. எடுக்காவிட்டாலும் வரியும் பிடித்தமும் உண்டு. சேவிங்ஸ் அக்கவுண்டில் தானாக ஏறும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

"2020-ல் 7.4 சதவீதத்தில் போட்டது முடிந்து மூன்று வருடம் நீட்டித்தோம். எந்த விகிதத்தில் கணக்குப் போடுவது?"

கணக்கு முதிர்ந்த அன்று இருந்த விகிதத்தில். 2025 செப்டம்பர் 2-ல் முதிர்ந்த 15 லட்சம் என்றால் அன்றிலிருந்து 8.2 சதவீதம். அந்த ஒரு காலாண்டில் மட்டும் இரண்டு விகிதம் கலந்திருக்கும். ஜூலை 1 முதல் செப்டம்பர் 1 வரை 63 நாளுக்கு 7.4 சதவீதத்தில் சுமார் 19,159, மீதி 29 நாளுக்கு 8.2-ல் சுமார் 9,773, இரண்டும் தனித்தனித் தொகையாக ஏறக்கூடும். அக்டோபர் முதல் காலாண்டுக்கு 30,750. முந்தைய 27,750-ஐ வைத்தே மதிப்பீடு போட்டுக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பிடித்தது என் பெயரில் அரசுக்குப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

வருமான வரி இணையதளத்தில் உங்கள் 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்தால், யார் எந்தத் தேதியில் எவ்வளவு வட்டிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். பாஸ்புக்கை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தவணையாக ஒப்பிடுங்கள். கையில் வந்த 36,900-உம் அங்கே காட்டும் 4,100-உம் சேர்ந்து 41,000 ஆக வேண்டும்.

பிடித்த மறுநாளே அங்கே தெரியாது. கிளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் ஏறும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கு ஜூலை 31 வரையும், கடைசிக் காலாண்டில் பிடித்ததற்கு மே 31 வரையும் அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆகவே ஜனவரியில் பிடித்ததை ஏப்ரலில் தேடிக் காணவில்லை என்று அலைய வேண்டாம், ஜூனில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் பான் எண் தவறாகப் பதிவாகியிருக்கலாம். பான் பதிவாகவே இல்லை என்றால் பிடித்தம் 10 அல்ல, 20 சதவீதமாக இருக்கும். 41,000-க்கு 32,800 மட்டும் வந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பான் நகலுடன் கிளைக்குப் போய், அவர்கள் தாக்கல் செய்த கணக்கில் திருத்தம் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்தத் திருத்தம் ஏறும் வரை ரிட்டர்னில் அந்தத் தொகையைக் கோரினாலும் வரவு கிடைக்காது.